பி-யா டி-யா: ஒரு போன் கால், ஒரு மெயில், 800 கிலோ துணி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6.45 இருக்கும். திருப்பூர்ல எங்க நிட்டிங் யூனிட்டுக்குள்ள நின்னு கிரே துணி, அதாவது இன்னும் சாயம் போடாத துணி, ரோல் எத்தனை இறங்கிருக்குன்னு எண்ணிட்டு இருந்தேன், பக்கத்துல 12 சர்குலர் மெஷின் ஓடிட்டு இருக்கு. அப்பதான் பையிங் ஹவுஸ் மேடம்கிட்ட இருந்து போன். சென்னைல இருக்காங்க, ஒரு ஐரோப்பிய பிராண்டுக்கு இங்க நம்ம மாதிரி ஃபேக்டரிங்ககிட்ட ஆர்டர் போட்டு வாங்கித் தர்றது அவங்க வேலை. நான் இந்தப் பக்கம் மெர்ச்சண்டைசர், ஆர்டரை வாங்கினதுல இருந்து அனுப்பற வரைக்கும் பையர் பக்கத்தோட பேசி ஓட்டறது என் வேலை. ஆர்டர் 12,000 டி-ஷர்ட், சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை வர்ற சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, 3 கலர், கலருக்கு 4,000 பீஸ். பிஓ-ல, அதாவது பையர் குடுக்கற பர்ச்சேஸ் ஆர்டர்ல, இருந்த ஷிப் டேட் நவம்பர் 10.

"சார், 5 நிமிஷம் பேசலாமா, 3 விஷயம் இருக்கு, பையர்கிட்ட இப்பதான் கால் முடிச்சேன்"னு ஆரம்பிச்சாங்க. முதல் விஷயம், நேவி கலருக்கு நாங்க அனுப்பின லேப் டிப்புல, அதாவது சின்னத் துண்டுத் துணில சாயம் போட்டுக் காட்டற சாம்பிள்ல, ஒண்ணு ஓகே ஆயிடுச்சு, மொத்தத் துணிக்கும் சாயம் போடப் போலாம். ரெண்டாவது, கழுத்துல தைக்கற நெசவு லேபிள் வேணாம், அதுக்குப் பதிலா ஹீட் டிரான்ஸ்ஃபர் பிரிண்ட் பண்ணிடுங்க, ஆர்ட் ஒர்க் திங்கக்கிழமை வரும். மூணாவது, இப்படி மாத்தறதாலயும் நடுவுல தீபாவளி வர்றதாலயும் டேட்டைத் தள்ளித் தர்றாங்க, 20 வரைக்கும் எடுத்துக்கலாம். நான் எல்லாத்துக்கும் சரிங்க மேடம் சரிங்க மேடம்னு சொல்லிட்டேன். போனை வச்சப்ப மனசுல பெரிய நிம்மதி, ஏன்னா தீபாவளிக்கு ஊருக்குப் போற ஆளுங்க திரும்பி வர எப்படியும் ஒரு வாரத்துக்கு மேல ஆகும், 10-ஆம் தேதி எப்படி முடிக்கறதுன்னு ராத்திரி தூக்கமே வராம இருந்துச்சு.

இந்த காலுக்கு அப்புறம் நான் எழுதின ஒரு மெயிலைப் பத்திதான் இதுல எழுதப் போறேன், அது என்ன பண்ணுச்சு, எங்க அதால ஒண்ணும் பண்ண முடியாமப் போச்சுன்னு. எங்க லைன்ல போன்ல பேசி முடிவு பண்றது தினசரி நடக்கறது, அதை யாராலயும் நிறுத்த முடியாது, நிறுத்தணும்னும் இல்ல. பேசினதுக்கு அப்புறம் வர்ற அந்த ஒரு மணி நேரத்துல என்ன பண்றோம்ங்கறதுதான் இங்க விஷயம்.

இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். 2 வருஷம் முன்னாடி வேற ஒரு பையர், 9,000 பீஸ். அப்பவும் இதே மாதிரி ஒரு போன், "ஒரு வாரம் லேட்டானா பரவால்ல, நான் பாத்துக்கறேன்"னு அந்தப் பக்கத்து மெர்ச்சண்டைசர் சொன்னாரு. நல்ல மனுஷன், பொய் சொல்ற ஆள் கிடையாது. 15 நாள் கழிச்சு அவரு வேலையை விட்டுட்டாரு. புதுசா வந்தவங்க ஃபைலை எடுத்துப் பாத்தாங்க, பிஓ-ல பழைய தேதிதான் இருக்கு, மெயில்ல ஒரு வரி கூட இல்ல, அவங்க என்ன பண்ணுவாங்க? லேட் ஷிப்மெண்ட், ஏர்ல அனுப்புங்க, செலவு உங்களோடதுன்னுட்டாங்க. 150 கார்ட்டன். கார்ட்டன் எடை போட்டா மொத்தம் 1,650 கிலோதான் வந்துச்சு, ஆனா ஏர்ல நிஜ எடையை மட்டும் பாக்க மாட்டாங்க, பொட்டி அடைக்கற இடத்தையும் கணக்குப் பண்ணி எது ஜாஸ்தியோ அதுக்குக் காசு வாங்குவாங்க. 60-க்கு 40-க்கு 30 சென்டிமீட்டர் பொட்டி, பெருக்கி 6,000-ஆல வகுத்தா 12 கிலோ, 150 பொட்டிக்கு 1,800 கிலோ. அன்னிக்கு எங்களுக்குக் கெடச்ச ரேட் கிலோவுக்கு 240 ரூபா. 4,32,000 ரூபா. அந்த ஆர்டர்ல எங்களுக்கு மிஞ்ச வேண்டிய காசு மொத்தமும் அதுலயே போச்சு. ஓனர் என்னைத் திட்டல, "அவரு சொன்னாருன்னு நீ சொல்ற, நான் நம்பறேன், ஆனா நான் நம்பி என்னப்பா ஆகப் போகுது"ன்னு மட்டும் கேட்டாரு. அந்தக் கேள்வி இன்னிக்கும் காதுல இருக்கு.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வர்றேன்.

ஆஃபீஸ்ல வந்து உக்காந்து 7.30-க்கு மெயில் எழுத ஆரம்பிச்சேன். புது மெயில் போடல, பிஓ வந்த அதே மெயில் செயின்லயே ரிப்ளை ஆல் போட்டேன், அப்பதான் நாளைக்கு யாரு வந்து பிஓவைத் தேடினாலும் கூடவே இதுவும் கண்ணுல படும். மேடமோட மேனேஜர் அந்த செயின்ல ஏற்கனவே சிசி-ல இருந்தாரு, அது முக்கியம், ஏன்னா தேதி மாத்தற அதிகாரம் மேடத்துக்குத் தனியா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. சப்ஜெக்ட்ல பிஓ நம்பர், ஸ்டைல் நம்பர், 12,000 பீஸ், 3 கலர், அதுக்கப்புறம் 'இன்று மாலை போனில் பேசியது, 3 விஷயம்'னு வர்ற மாதிரி போட்டேன். மெயில் இங்கிலீஷ்லதான் போச்சு, இங்க தமிழ்ல சொல்றேன்.

ஆரம்பம் ஒரே வரி: "இன்னிக்கு 6.45-க்கு போன்ல பேசினதுல நான் புரிஞ்சுக்கிட்டது இது, தப்பா எடுத்திருந்தா திருத்துங்க." இந்த 'நான் புரிஞ்சுக்கிட்டது'ங்கற வார்த்தையை நான் விடவே மாட்டேன். நீங்க இப்படிச் சொன்னீங்கன்னு ஆரம்பிச்சா வாக்குமூலம் வாங்கற மாதிரி ஆயிடும், எதிர்ல இருக்கறவங்க படிக்கறப்பவே உஷாராயிடுவாங்க, உஷாரானவங்க திருத்தறதை விட தப்பிக்கறதுக்குத்தான் பாப்பாங்க.

அப்புறம் நேவி. இங்க வெறும் 'ஆப்ஷன் டி ஓகே'ன்னு எழுதி முடிச்சிருந்தா இந்தக் கதையே வேற மாதிரி போயிருக்கும். நாங்க அனுப்பினது 4 லேப் டிப், ஏ பி சி டி. நான் எழுதினது, "நேவி ஆப்ஷன் டி அப்ரூவ்டு. அதாவது போன வாரம் கூரியர்ல அனுப்பின 4 துண்டுத் துணி ஸ்வாட்ச்ல ரொம்ப டார்க்கா இருக்கறது, அட்டைல ஒட்டியிருக்கற சாயப்பட்டறை லேப் நம்பர் இன்னது. இதை வச்சு 800 கிலோ துணியை சாயத்துக்கு அனுப்பப் போறோம்." லேப் நம்பர்ங்கறது சாயப்பட்டறை லேப்ல ஒவ்வொரு ரெசிப்பிக்கும் அவங்க குடுக்கற நம்பர், அது மாறவே மாறாது, ஏ பி சி டி நாம போடற பேரு. ஃபோட்டோ எடுத்து வைக்கலாமேன்னு தோணும், ஆனா கலர் விஷயத்துல ஃபோட்டோ உதவாது, என் போன்ல ஒரு நேவி தெரியும், அவங்க ஸ்க்ரீன்ல வேற நேவி தெரியும்.

லேபிளுக்கு ரெண்டு வரி. நெசவு லேபிள் கேன்சல், ஹீட் டிரான்ஸ்ஃபர் பிரிண்ட், ஆர்ட் ஒர்க் திங்கக்கிழமைக்குள்ள அவங்க அனுப்பணும். அதுக்குக் கீழ, போன்ல நாங்க பேசாத ஒண்ணையும் எழுதினேன்: "பிஓ-ப்படி 12,500 நெசவு லேபிள் ஏற்கனவே வாங்கி ஸ்டோர்ல இருக்கு, ஒண்ணு 1.10 ரூபா, மொத்தம் 13,750 ரூபா. இந்தச் செலவு யாரோடதுன்னு நாம போன்ல பேசல, இது இன்னும் முடிவாகல." இப்படி முடிவானது எது முடிவாகாதது எதுன்னு பிரிச்சு எழுதறதுல எனக்குப் பிடிவாதம் உண்டு. நைசா 'லேபிள் செலவு உங்க கணக்கு'ன்னு நடுவுல ஒரு வரி சேத்துட்டா அவங்க கவனிக்காம ஓகே சொல்லிடுவாங்க, நமக்கு லாபம்னு நெனைக்கறவங்க உண்டு, நான் பாத்திருக்கேன். அது ஒரு தடவை வேலை செய்யும். அதுக்கப்புறம் அந்த ஆள் அனுப்பற ஒவ்வொரு மெயிலையும் எதிர்ப்பக்கம் வரி வரியா சந்தேகத்தோடதான் படிப்பாங்க, பேசினதை உறுதி பண்ணிக்கறதுக்குன்னு இருந்த ஒரு வழியே கெட்டுப் போயிடும்.

தேதிக்கு எழுதினது: "புது தேதி நவம்பர் 20. சரக்கு எங்க திருப்பூர் ஃபேக்டரிய விட்டுக் கிளம்பற நாளா இதை எடுத்துக்கறோம். திருத்தின பிஓ திங்கக்கிழமைக்குள்ள அனுப்புங்க."

கடைசியா, என்ன பதில் வேணும்ங்கறது. 'பிளீஸ் கன்ஃபர்ம்'னு முடிச்சா 10-க்கு 8 தடவை 'நோட்டட், தேங்க்ஸ்'னு ஒரு பதில் வரும். நோட்டட்னா மெயில் வந்துச்சு, பாத்தேன், அவ்வளவுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்ல, இதை நம்பி நம்ம பக்கம் நிறைய பேர் மெஷினை ஓட்டியிருக்காங்க. அதனால நான் கேள்வியாவே கேட்டேன்: "நேவிக்கு மேல சொன்ன லேப் நம்பர்தானா? 20-ங்கறது ஃபேக்டரி விட்டுக் கிளம்பற நாள்தானா? இந்த ரெண்டுக்கும் பதில் வந்த அப்புறம்தான் சாயத்துக்குத் துணி ஏத்துவோம், சாயப்பட்டறைல நாளைக்கு ராத்திரி மெஷின் புக் பண்ணியிருக்கோம், அதனால நாளைக்கு 2 மணிக்குள்ள பதில் தந்தா உதவியா இருக்கும்." 8.10-க்கு அனுப்பிட்டேன். வாட்ஸ்அப்லயும் ஒரு மெசேஜ், "மேடம், பேசினதை மெயில்ல போட்டிருக்கேன், ஒரு தடவை பாத்துருங்க"ன்னு.

சனிக்கிழமை காலைல 10 மணிக்கு சாயப்பட்டறை சூப்பர்வைசர் போன். "அண்ணா, துணிய ஏத்தச் சொல்லட்டுங்களா? ரெண்டு 400 கிலோ லாட், சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ரெண்டுமே உங்களுக்குத்தான் வச்சிருக்கேனுங்க. இப்ப விட்டா தீபாவளிக்கு அப்புறம்தானுங்க மெஷின் கிடைக்கும்." உண்மையச் சொல்லணும்னா கை அரிச்சுது. போன்லதான் ஓகே சொல்லிட்டாங்களே, நான் காதால கேட்டேனே, எதுக்கு மெயிலுக்காக உக்காந்திருக்கணும்னு ஒரு மனசு. ஆனா சாயம்ங்கறது ஏத்தினா இறக்க முடியாத வேலை. டார்க் நேவி போட்ட துணிய லைட் நேவிக்குக் கொண்டு வரணும்னா சாயத்தை உருவி மறுபடி போடணும், துணியோட பலமும் போகும், மேல்பக்கமும் கெட்டுடும், பெரும்பாலும் கடைசில கறுப்பு போட்டு வேற ஆர்டருக்குத் தள்ள வேண்டி வரும். "துணி மட்டும் இறக்கி ரெடியா வைங்க தம்பி, ரெண்டு மணி வரைக்கும் பாப்போம்"னேன்.

12.20-க்கு மெயில் வரல, போன் வந்துச்சு. மேடம் குரல்ல கொஞ்சம் கோபம். "என்ன சார், நேத்து அவ்ளோ தெளிவா பேசினோம், எதுக்கு இப்படி பெரிய மெயில், மேனேஜரை வேற சிசி-ல வச்சு, என் மேல நம்பிக்கை இல்லையா?" நான் சொன்னேன், "மேடம், நம்பிக்கை இல்லாம இல்லைங்க, நான் மெஷின் சத்தத்துல நின்னு பேசினேன், என் காது மேலதாங்க சந்தேகம். ஒரே ஒரு தடவை நேவி வரியை மட்டும் படிச்சுப் பாருங்க." ஒரு பத்து செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம், "சார்... ரொம்ப டார்க்கா இருக்கறதுன்னு போட்டிருக்கீங்க? டார்க் இல்லையே, அதைத்தானே பையர் வேணாம்னுட்டாங்க. நான் சொன்னது பி. பி ஃபார் பாம்பே."

பி, டி. போன்ல இந்த ரெண்டு எழுத்தும் ஒரே மாதிரிதான் கேக்கும், பின்னாடி 12 மெஷின் ஓடினா சொல்லவே வேணாம். அவங்க தெளிவா பி-ன்னுதான் சொல்லியிருக்காங்க, நான் தெளிவா டி-ன்னுதான் கேட்டிருக்கேன், ரெண்டு பேருமே சத்தியம் பண்ணுவோம், ரெண்டு பேருமே உண்மையத்தான் சொல்லியிருப்போம். மெயில்ல வெறும் 'டி'ன்னு மட்டும் இருந்திருந்தா அவங்க கண்ணுல அது படாமக் கூட போயிருக்கும், நாமளும் படிக்கறப்ப மனசுல இருக்கறதைத்தானே படிக்கறோம். 'ரொம்ப டார்க்கா இருக்கறது'ங்கற வார்த்தைதான் அவங்களை நிறுத்துச்சு. அதனாலதான் சொல்றேன், போன்ல கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பி எழுதினா பாதி வேலைதான் ஆச்சு, அந்த வார்த்தையால நாம என்ன புரிஞ்சுக்கிட்டோம், அதை வச்சு அடுத்து என்ன பண்ணப் போறோம்னு வேற வார்த்தைல எழுதணும், அப்பதான் தப்பு இருந்தா வெளிய வரும்.

போனை வைக்கறதுக்குள்ளயே தேதியும் வெளிய வந்துச்சு. "20-ங்கறது கப்பல் கிளம்பற தேதி சார், தூத்துக்குடில இருந்து. ஃபேக்டரி விடற தேதி இல்ல." இது எழுத்து மாறிப் போன மாதிரி இல்ல, ரெண்டு பேரும் 20-ன்னுதான் சொன்னோம், 20-ன்னுதான் கேட்டோம். பிஓ-ல ஷிப் டேட்னு மட்டும்தான் இருக்கும், அதை ஒரு பையர் ஃபேக்டரி விடற நாளா எடுத்துக்குவாங்க, இன்னொருத்தர் சரக்கைக் கப்பல்ல அனுப்பி வைக்கற ஏஜெண்டான ஃபார்வார்டர்கிட்ட ஒப்படைக்கற நாளா எடுத்துக்குவாங்க, இன்னொருத்தர் கப்பல் நாளா எடுத்துக்குவாங்க. கப்பல் 20-ன்னா, அந்தக் கப்பலுக்குச் சரக்கு வாங்கறதை நிறுத்தற கட்-ஆஃபுக்கு முன்னாடி சரக்கு தூத்துக்குடில ஃபார்வார்டரோட கிடங்குக்குள்ள போயிருக்கணும், கஸ்டம்ஸ் வேலை முடியணும், அதனால இங்க இருந்து 14-ஆம் தேதி ராத்திரி லாரி கிளம்பியாகணும். எனக்குக் கெடச்சதா நெனச்ச 10 நாள் நிஜத்துல 4 நாளுக்கு மேல இல்ல. தீபாவளி முடிஞ்சு தையல் லைன்ல பாதி ஆளுங்களோட ஓடப் போற நேரத்துல அந்த 6 நாள் வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு இங்க வேலை செய்யறவங்களுக்குத் தெரியும்.

"மேடம், இப்ப பேசினதை நீங்களே ஒரு ரிப்ளைல போட்டுடுங்க, பி-யோட லேப் நம்பர், 20 கப்பல் தேதின்னு"ன்னு கேட்டேன். இந்தத் தடவை அவங்க கோபப்படல. 12.50-க்கு பதில் வந்துச்சு, ஒவ்வொரு வரிக்குக் கீழயும் அவங்க திருத்தம், நேவிக்கு பி-யோட லேப் நம்பர் முழுசா. நான் உடனே, "சரி, பி-க்கு சாயம் இன்னிக்கு ராத்திரி ஏத்தறோம். கப்பல் தேதி 20-ன்னா இடைல ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓவர் டைம் வச்சாதான் முடியும், வைக்கறோம்"னு திருப்பி ஒரு மெயில். சூப்பர்வைசர்கிட்ட லேப் நம்பரை போன்ல சொல்லாம மெசேஜா அனுப்பினேன், அவரு ஸ்வாட்ச் அட்டையப் பாத்து அதே நம்பரைத் திருப்பி அனுப்பினாரு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு லாட்டும் ஏறிடுச்சு.

சட்டப்படி இந்த மெயிலுக்கு என்ன மதிப்புன்னு நிறைய பேர் கேப்பாங்க, அதனால சுருக்கமா. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 வாயால பேசினதையும் ஒப்பந்தமா ஏத்துக்குது, பிரச்சினை செல்லுமா செல்லாதாங்கறது இல்ல, என்ன பேசினோம்னு எப்படிக் காட்டறதுங்கறதுதான். மெயில்ல நடந்த ஒப்பந்தத்தை அது மின்னணு வழில நடந்துச்சுங்கற ஒரே காரணத்துக்காக செல்லாதுன்னு தள்ள முடியாதுன்னு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல 10A பிரிவு சொல்லுது, டிரைமெக்ஸ் - வேதாந்தா அலுமினியம் வழக்குல 2010-ல உச்ச நீதிமன்றமும் மெயில்லயே முடிவான ஒப்பந்தத்தை ஏத்துக்கிச்சு. கோர்ட்டுக்குப் போற நிலைமை வந்தா பிரிண்ட் அவுட் மட்டும் எடுத்துட்டுப் போனா பத்தாது, 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் கூட வைக்கணும், முன்னாடி 65B-ன்னு சொல்லிட்டு இருந்தோமே அதோட இடத்துல வந்தது. அதனால மெயிலை ஃபார்வார்டு பண்ணிட்டு ஒரிஜினலை டெலீட் பண்ற பழக்கம் இருக்கறவங்க அதை விட்டுடணும், கம்பெனிய விட்டுப் போறவங்க மெயில் பாக்ஸையும் அப்படியே எடுத்து வைக்கணும்.

'நாளைக்குள்ள பதில் வரலன்னா ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவோம்'னு கடைசி வரி போடறவங்க நிறைய. போடலாம், ஆனா அதை நம்பி எவ்வளவு தூரம் போறோம்ங்கறதுல கவனமா இருக்கணும். வாயால ஏற்கனவே முடிவானதை எழுதி அனுப்பி, அவங்க படிச்சும் மறுப்பு சொல்லலன்னா அது நம்ம பக்கம் ஓரளவு பேசும். புதுசா நாமளா ஒரு கண்டிஷனைச் சேத்துட்டு அவங்க பேசாம இருந்ததைச் சம்மதம்னு காட்டினா நிக்காது. நான் பண்றது இதுதான்: திருப்பிச் செய்யக்கூடிய வேலைன்னா, நூல் வாங்கறது, துணில எதை எங்க வெட்டணும்னு மார்க்கர் போடறது மாதிரி, பதிலுக்குக் காத்திருக்காம ஆரம்பிச்சிடுவேன். சாயம், கட்டிங், பிரிண்ட் இந்த மூணுக்கும் பதில் கைக்கு வராம ஆரம்பிக்க மாட்டேன். பதில் வரலன்னா மறுபடி மெயில் போட மாட்டேன், போன் பண்ணுவேன், மெயிலைத் திறந்து வச்சு வரி வரியா படிச்சுக் காட்டி, அந்த போன்ல அவங்க சொன்னதை அதே செயின்ல ஒரு வரியா சேப்பேன்.

இந்த மெயிலால மாத்த முடியாதது ரெண்டு இருக்கு. ஒண்ணு பிஓ. நிறைய பிராண்டு அவங்க கண்டிஷன்லயே, திருத்தின பிஓ வந்தாதான் மாத்தம் செல்லும்னு எழுதி வச்சிருப்பாங்க, அப்படி இருந்தா மேடமும் நானும் நூறு மெயில் போட்டாலும் அவங்க சிஸ்டத்துல பழைய தேதிதான் இருக்கும். அதனாலதான் மெயில்லயே திருத்தின பிஓ கேட்டேன். இன்னொண்ணு எல்.சி, அதாவது சொன்ன கண்டிஷன்படி டாக்குமெண்ட் குடுத்தா பணம் தர்றேன்னு பையரோட பேங்க் குடுக்கற லெட்டர் ஆஃப் கிரெடிட். இந்த ஆர்டர் பையர் நேரா பேங்க் டிரான்ஸ்ஃபர்ல பணம் அனுப்பறது, அதனால தப்பிச்சோம். எல்.சி ஆர்டரா இருந்து, அதுல கடைசி ஷிப்மெண்ட் தேதி நவம்பர் 10-ன்னு இருந்தா, பையரே மெயில்ல 20-ன்னு ஒத்துக்கிட்டாலும் பேங்க் அதைப் பாக்காது. பேங்க் டாக்குமெண்டைத்தான் பாக்கும், எல்.சி திருத்தம் ஆகாம கப்பல்காரங்க குடுக்கற பில் ஆஃப் லேடிங் ரசீதுல 20-ன்னு வந்தா டிஸ்க்ரெபன்சி, அதாவது எல்.சி-யோட ஒத்துப் போகலன்னு போட்டு நிறுத்திடும், பையர் மனசு வச்சா பணம் வரும் இல்லன்னா இல்ல. அங்க மெயில் முதல் படிதான், எல்.சி அமெண்ட்மெண்ட் கைக்கு வந்த அப்புறம்தான் தேதி மாறுச்சுன்னு எடுத்துக்கணும்.

நம்ம கதைல திருத்தின பிஓ திங்கக்கிழமை வரல. செவ்வாக்கிழமை கேட்டேன், புதன்கிழமை வந்துச்சு, நேவிக்கும் வெள்ளைக்கும் தேதி மாறியிருந்துச்சு, கிரே மெலாஞ்சுக்கு பழைய 10-ஆம் தேதியே இருந்துச்சு. நான் அதைக் கவனிக்கல. 3 வரி இருக்கற பேப்பர்ல முதல் ரெண்டு வரி சரியா இருந்ததைப் பாத்துட்டு ஃபைல்ல வச்சுட்டேன். சரக்கு 14-ஆம் தேதி ராத்திரி கிளம்புச்சு, 200 கார்ட்டனும் 20-ஆம் தேதி கப்பல்ல போச்சு, மேடம் போன் பண்ணி நன்றி சொன்னாங்க.

ஒன்றரை மாசம் கழிச்சு பையரோட அக்கவுண்ட்ஸ்ல இருந்து டெபிட் நோட், நமக்குத் தர வேண்டிய பணத்துல பிடிக்கறோம்னு வர்ற சீட்டு. கிரே மெலாஞ்சு 4,000 பீஸ், 10 நாள் லேட், 5 சதவீதம் பிடித்தம். அவங்க சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் அது சரிதான், அந்தக் கலருக்குத் தேதி மாறவே இல்லையே. மேடம் அப்ப லீவுல இருந்தாங்க, அவங்க இடத்துல வேற ஒருத்தர், அந்த போன் காலைப் பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நான் அந்த வெள்ளிக்கிழமை மெயில் செயினை அப்படியே அவருக்கும் மேனேஜருக்கும் அனுப்பினேன், மேல ரெண்டே வரி: புது தேதி 12,000 பீஸுக்கும் சேத்துத்தான்னு முதல் மெயில்ல இருக்கு, 20 கப்பல் தேதின்னு உங்க பக்கத்துப் பதில்ல இருக்கு, திருத்தின பிஓ-ல ஒரு கலர் விட்டுப் போயிருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி என் மெயிலைத் திரும்பப் படிச்சேன், படபடப்பு வந்துச்சு, ஏன்னா நான் '12,000 பீஸ், 3 கலர்'னு ஆர்டரை மேல எழுதிட்டு, தேதி வரில கலர் பேரு எதுவும் போடல. மொத்த ஆர்டருக்கும்னு படிக்கலாம், ஆனா வம்பு பண்ணணும்னா நேவிக்கு மட்டும்னும் படிக்கலாம். அவரு வம்பு பண்ணல. மேனேஜர் அந்த வெள்ளிக்கிழமையில இருந்தே சிசி-ல இருந்ததால, "இது எனக்குத் தெரியும், 3 கலருக்கும்தான் பேசினது"ன்னு ஒரே வரில முடிச்சு வச்சாரு. 4 நாள்ல டெபிட் நோட் கேன்சல். இப்ப தேதி எழுதறப்ப ஒவ்வொரு கலரையும் பேரு சொல்லி எழுதறேன், திருத்தின பிஓ வந்தா மெயிலைப் பக்கத்துல வச்சு வரிக்கு வரி டிக் அடிக்கறேன்.

லேபிள் காசு மட்டும் பாக்கி இருந்துச்சு. 'இன்னும் முடிவாகல'ன்னு நான் எழுதின வரி அந்த செயின்லயே கெடந்துச்சு, யாரும் பதில் சொல்லல, நானும் வேலை அவசரத்துல விட்டுட்டேன். டெபிட் நோட்டுக்காக செயினை மேல இருந்து கீழ வரைக்கும் படிச்ச மேனேஜர் கண்ணுல அது பட்டிருக்கு, அவரே போன் பண்ணினாரு. "லேபிள் 13,750 பெண்டிங்னு எழுதியிருக்கீங்க, பாதி நாங்க ஏத்துக்கறோம், பாதி நீங்க, சரியா சார்?" சரிங்க சார்னேன். அன்னிக்கு சாயங்காலமே அதே செயின்ல ரிப்ளை ஆல் போட்டு, "6,875 ரூபா உங்க கணக்கு, அடுத்த ஆர்டர் இன்வாய்ஸ்ல தனி வரியா சேக்கறோம்"னு எழுதினேன். 10 நிமிஷத்துல பதில் வந்துச்சு, நோட்டட்னு. நான் திரும்ப போன் பண்ணினேன், அவரு சிரிச்சுட்டு, "கன்ஃபர்ம்டுன்னு போடணுமா, போடறேன்"னாரு, போட்டாரு. அடுத்த ஆர்டர் இன்வாய்ஸ்ல அந்த வரி இருந்துச்சு, பணமும் பிடித்தம் இல்லாம வந்துச்சு.